சிறுநீரகத்துக்குள் காற்று

54 வயதுப் பெண். வீட்டிலேயே தையல் வேலை. சர்க்கரை வந்து பதினொரு வருடம் ஆகிறது. மாத்திரை தீர்ந்தால் கடையில் வாங்குவார், மறந்தால் விட்டுவிடுவார். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி 12.1. இவர் ஒரே ஆளல்ல. சர்க்கரை கட்டுக்குள் இல்லாமல் சிறுநீரகம் அழுகிய நிலையில் மருத்துவமனைக்கு வரும் பலரின் கதையைச் சேர்த்து, ஓர் ஆளாக இங்கே எழுதியிருக்கிறேன்.

நான்கு நாளாகக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல். இடது விலாவின் பின்பக்கம் வலி. முதல் நாள் நீர்க்கடுப்பு என்று சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கி வந்தார். கடுப்பு தணிந்தது, காய்ச்சல் தணியவில்லை. நான்காம் நாள் வாந்தி. மகன் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அவசரப் பிரிவுக்கு வந்தபோது நாடித்துடிப்பு 124, ரத்த அழுத்தம் 84/50, சர்க்கரை 468. ரத்தத் தட்டணுக்கள் குறைந்தது ஒன்றரை லட்சமாவது இருக்க வேண்டும், அவருக்கு 62,000. சிறுநீரகம் வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியேட்டினின் ஒன்றை ஒட்டி இருக்க வேண்டும், அவருக்கு 3.4.

முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் செய்தார்கள். 'குடல் காற்று மறைப்பதால் இடது சிறுநீரகம் சரியாகத் தெரியவில்லை' என்று ரிப்போர்ட் வந்தது. சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலும் விலா வலியும் இருக்கும்போது இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு நகரக்கூடாது. ஒலி அலை காற்றைத் தாண்டிப் போகாது. அந்தக் காற்று குடலில் இருக்கிறதா, சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கிறதா என்று அல்ட்ராசவுண்டால் பல நேரம் பிரித்துச் சொல்ல முடியாது. சிறுநீரகக் காற்றைக் கல் என்று எண்ணிவிடுவதும் உண்டு. வயிற்று எக்ஸ்ரேயிலும் இதே சிக்கல்தான்: சிறுநீரகத்தின் நிழல்மேல் புள்ளி புள்ளியாகக் காற்று தெரிந்தால் துப்புக் கிடைக்கும், தெரியாவிட்டால் நோய் இல்லை என்று பொருளில்லை.

அடுத்து சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மருந்து ஏற்றாமல், வெறும் ஸ்கேன். இந்த நோயைக் கண்டுபிடிக்க அதுவே போதும். கிரியேட்டினின் ஏறியிருக்கும்போது ஸ்கேன் மருந்து சிறுநீரகத்துக்கு இன்னொரு பாரமாகிவிடுமோ என்று யோசித்துப் பொழுதைக் கழிக்க வேண்டியதில்லை.

சி.டி. படத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் சுழியம், கொழுப்பு ஏறத்தாழ மைனஸ் 100, காற்று மைனஸ் 1000. சிறுநீரகத்தைச் சுற்றி இயல்பாகவே கொழுப்பு இருக்கிறது. வயிற்றைப் பார்க்கும் வழக்கமான அமைப்பில் கொழுப்பும் இருட்டாகத்தான் தெரியும். நடுவில் உள்ள சின்னக் காற்றுக் குமிழி கண்ணுக்குத் தப்பிவிடும். அனுபவமுள்ள கதிரியக்க மருத்துவர் அதே படத்தை நுரையீரல் பார்க்கும் அமைப்புக்கு மாற்றுவார். அப்போது கொழுப்பு வெளிறிவிடும், காற்று மட்டும் கறுப்பாக நிற்கும்.

அந்தப் பெண்ணின் படத்தில் இடது சிறுநீரகத்தின் மேல் பாதியில் கறுப்புக் கீற்றுகள் உள்ளிருந்து வெளியே விரிந்து போயிருந்தன. சில குமிழிகள் சிறுநீரகத்தின் ஓரத்தைத் தாண்டிச் சுற்றுக்கொழுப்பிலும் இருந்தன. அங்கேயே 6 சென்டிமீட்டர் அளவுக்குச் சீழ் தேங்கியிருந்தது. கல் இல்லை, சிறுநீர்க்குழாயில் அடைப்பும் இல்லை.

இதன் மருத்துவப் பெயர் எம்ஃபிசிமேட்டஸ் பைலோநெஃப்ரைட்டிஸ். காற்று உண்டாகும் சிறுநீரக அழற்சி என்று சொல்லலாம். சிறுநீரில் காற்று வெளியேறிய இத்தகைய நோயாளியைப் பற்றி 1898லேயே எழுதிவிட்டார்கள். இது வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் சர்க்கரை நோயாளிகள், பெண்களே அதிகம்.

காற்று எங்கிருந்து வருகிறது? வெளியிலிருந்து அல்ல. பெரும்பாலும் ஈ கோலை, அடுத்தபடியாகக் கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாக்கள்தான் காரணம். சாதாரண நீர்க்கடுப்புக்கும் இவைதான் காரணம். ஆனால் சர்க்கரை கட்டுக்கடங்காதவரின் சிறுநீரகத் திசுவில் இவற்றுக்குத் தீனி ஏராளம். ரத்த ஓட்டம் குறைந்து பிராணவாயு கிடைக்காத இடத்தில் இவை சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன. மாவு புளித்துப் பொங்குவதுபோல, கரியமில வாயுவும் ஹைட்ரஜனும் வெளிவருகின்றன. நல்ல ரத்த ஓட்டம் இருந்தால் அந்த வாயுவை ரத்தம் கரைத்துக்கொண்டு போய்விடும். இங்கே அது தேங்குகிறது. தேங்கிய வாயு நுண்குழாய்களை நசுக்க, ரத்த ஓட்டம் இன்னும் குறைகிறது, திசு இன்னும் அழுகுகிறது. ஒரு நாளில் நோய் இவ்வளவு தூரம் போவது இதனால்தான்.

படத்தில் காற்று தெரிந்தாலே இந்த நோய்தான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. அண்மையில் சிறுநீர்ப்பாதையில் குழாயோ ஸ்டென்ட்டோ வைத்திருந்தால் அந்த வழியாகக் காற்று மேலே போயிருக்கலாம். காற்று சிறுநீர் தேங்கும் பையில் மட்டும் இருந்து, சிறுநீரகச் சதைக்குள் இல்லாவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறைவு. ஆன்டிபயாட்டிக் கொடுத்து, அடைப்பு இருந்தால் நீக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

சீழைக் கண்டால் நமக்குப் பயம் வரும். ஆனால் இந்த நோயில் சீழ் இருப்பது நல்ல சேதி. தைவான் மருத்துவர்கள் 1996ல் 38 நோயாளிகளின் ஸ்கேன்களை ஒப்பிட்டார்கள். சீழோ நீரோ இல்லாமல் வறண்ட கறுப்புக் கீற்றுகள் மட்டும் இருந்தவர்களில் 69 சதவீதம் பேர் இறந்தார்கள். சீழோடு குமிழிகள் இருந்தவர்களில் இறந்தது 18 சதவீதம். சீழ் என்பது வெள்ளணுக்கள் வந்து சண்டையிட்டதற்கான தடயம். வறண்ட காற்று என்றால் அந்த இடத்துக்கு ரத்தமே போகவில்லை, சண்டையிட ஆளே வரவில்லை. இன்னொரு வசதியும் உண்டு: சீழாக இருந்தால் குழாய் போட்டு எடுக்க முடியும்.

சிறுநீரகச் சீழ்க்கட்டி மட்டும் தனியாக வருவதும் உண்டு. அது இவ்வளவு ஆவேசமாக வராது. இரண்டு மூன்று வாரம் காய்ச்சல் வந்து வந்து போகும், எடை குறையும். கட்டி சிறுநீர்ப்பாதையோடு தொடர்பில்லாமல் இருந்தால் சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாகவே வரும். அந்த ரிப்போர்ட்டை நம்பி வாரக்கணக்கில் வெறும் காய்ச்சல் என்று வைத்தியம் நடக்கும். மருந்து ஏற்றி எடுக்கும் சி.டி.யில் கட்டியின் ஓரம் மட்டும் வளையமாக ஒளிர்ந்து நடுப்பகுதி இருண்டிருக்கும். அந்தக் கட்டிக்கு மருந்து ஏற்றாத ஸ்கேன் போதாமல் போகலாம். 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் ஆன்டிபயாட்டிக்கிலேயே பெரும்பாலும் கரையும். 5 சென்டிமீட்டரைத் தாண்டினால் குழாய் வைத்து வடிக்க வேண்டும். இடைப்பட்ட அளவில் நோயாளியின் நிலையைப் பார்த்துத்தான் முடிவு.

நம் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கும் முன்பே முதல் வேலைகள் தொடங்கியிருந்தன. ரத்தத்தையும் சிறுநீரையும் கல்ச்சருக்கு எடுத்துக்கொண்டு, உடனே மெரோபெனம் ஏற்றினார்கள். நம் ஊரில் ஈ கோலை வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகளுக்குப் பல இடங்களில் அசையாது. உயிர் போகும் நிலையில் முதல் மருந்து தப்பக்கூடாது என்பதால் வலுவானதில் தொடங்கி, கல்ச்சர் வந்தபின் குறைப்பதுதான் முறை. எடைக்கு ஏற்பச் சலைன், அதிலும் அழுத்தம் ஏறாததால் நார்அட்ரினலின். இன்சுலின் நரம்பு வழியாக, சர்க்கரையை 180ஐ ஒட்டிக் கொண்டுவரும் அளவுக்கு. அதற்குக் கீழே விரட்டினால் தாழ்சர்க்கரை வந்து இன்னோர் ஆபத்து. மெட்ஃபார்மினையும், சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் 'ஃபுளோசின்' வகை மாத்திரைகளையும் உடனே நிறுத்த வேண்டும். இந்த நிலையில் இரண்டுமே ரத்தத்தில் அமிலம் ஏற வழிசெய்யக்கூடும்.

மகன் கேட்டார்: "அம்மாவோட கிட்னியை எடுத்துடணுமா டாக்டர்?"

முப்பது வருடத்துக்கு முன்பாக இருந்தால் பெரும்பாலும் ஆமாம் என்றுதான் பதில் வந்திருக்கும். தைவானின் ஹுவாங், செங் இருவரும் 2000ல் 48 நோயாளிகளைப் பார்த்து, காற்று எதுவரை பரவியிருக்கிறது என்பதை வைத்து நோயைத் தரம் பிரித்தார்கள். அதிர்ச்சி நிலை, நினைவு தடுமாற்றம், தட்டணுக் குறைவு, திடீர் சிறுநீரகச் செயலிழப்பு ஆகியவை ஆபத்துக் குறிகள். பரவல் அதிகமாக இருந்து, இவற்றில் இரண்டோ அதற்கு மேலோ இருந்தால் குழாய் வைப்பது பெரும்பாலும் பலிப்பதில்லை, சிறுநீரகத்தை எடுத்துவிடுவதே மேல் என்பது அவர்கள் கண்டது. இந்தப் பெண்ணுக்கு நான்குமே இருந்தன.

ஆனால் ரத்த அழுத்தம் 84 உள்ளவரை மயக்கம் கொடுத்து மேசையில் கிடத்தினால் மேசையிலேயே போய்விடலாம். பல ஆய்வுகளைத் தொகுத்து 2008ல் வந்த கட்டுரையில், மருந்து மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேரும், அவசரமாகச் சிறுநீரகம் எடுக்கப்பட்டவர்களில் நாலில் ஒருவரும், மருந்தோடு குழாயும் வைக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவரும் இறந்திருந்தார்கள். பழைய பதிவுகளைத் தொகுத்த கணக்கு இது. யார் எந்தச் சிகிச்சைக்குப் போனார்கள் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கவில்லை. அதனால் இதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனாலும் வழி காட்டப் போதும். அதே ஆண்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்களும் சிறுநீரகத்தைக் காப்பாற்றும் வழியில் தாங்கள் பார்த்த 41 நோயாளிகளைப் பற்றி எழுதியிருந்தார்கள்.

"முதல்ல ட்யூப் போட்டுச் சீழை எடுக்கலாம் தம்பி. ரெண்டு நாள்ல திரும்பலைன்னா எடுக்கிறதைப் பத்திப் பேசுவோம்" என்றார் மருத்துவர்.

குழாய் வைப்பது பெரிய வேலையாகத் தெரியாது. முதுகுப்பக்கம் தோலை மட்டும் மரத்துப்போக வைத்து, அல்ட்ராசவுண்டோ சி.டி.யோ பார்த்தபடி ஊசியைச் சீழுக்குள் செலுத்தி, கம்பி விட்டு, அதன்மேல் முனை சுருண்ட 'பிக்டெயில்' குழாயை ஏற்றுவார்கள். அவருக்கு வைத்தது 12 ஃபிரெஞ்சு அளவு, அதாவது 4 மில்லிமீட்டர் தடிமன். ஒல்லியான குழாயில் கெட்டிச் சீழ் அடைத்துக்கொள்ளும். முதல் நாள் 180 மில்லி பழுப்புச் சீழ், நுரையோடு வந்தது. மறுநாள் மாலைக்குள் நார்அட்ரினலினைப் பாதியாகக் குறைக்க முடிந்தது.

நான்காம் நாள் மறுபடி காய்ச்சல் ஏறியது. குழாயில் வடிவது நின்றிருந்தது. சீழ் தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள அது தூண்டும். வடிதல் நின்று காய்ச்சல் ஏறினால் ஒன்று குழாய் அடைத்திருக்கிறது, இல்லையேல் குழாய் எட்டாத இடத்தில் இன்னொரு பொட்டலம் இருக்கிறது. சலைன் விட்டுப் பார்த்தார்கள், அடைப்பில்லை. மறுபடி எடுத்த சி.டி.யில் கீழ்முனைக்கு அருகே தனியாக 4 சென்டிமீட்டர் தேக்கம். இரண்டாவது குழாய் வைத்தார்கள். பழைய காற்று இன்னும் கொஞ்சம் தெரிந்ததைப் பற்றி யாரும் பதறவில்லை. நோயாளி தேறிவரும்போதும் அது சில நாள் படத்தில் இருக்கும். புதிதாகப் பரவுகிறதா என்பதே கேள்வி.

கல்ச்சரில் ஈ கோலை வந்தது. செஃப்ட்ரையாக்சோன் கேட்காது, மெரோபெனம் கேட்கும். பத்தாம் நாள் கிரியேட்டினின் 1.6, தட்டணுக்கள் ஒன்றரை லட்சத்தைத் தாண்டின. ஒரு குழாயோடு வீட்டுக்குப் போனார். நான்காவது வாரம் ஸ்கேன் பார்த்து அதையும் எடுத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து டி.எம்.எஸ்.ஏ. ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு சிறுநீரகங்களும் எவ்வளவு வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று அது காட்டும். இடது பக்கம் 24 சதவீதம். 10 சதவீதத்துக்கும் கீழே போய், கிருமித்தொற்றும் திரும்பத் திரும்ப வந்திருந்தால் நிதானமாக ஒரு நாள் குறித்து எடுத்திருப்பார்கள். இதை எடுக்கவில்லை. எச்பிஏ1சி 7.8க்கு இறங்கியிருந்தது. இன்சுலினை அவரே போட்டுக்கொள்கிறார், அளவை மகன் காலண்டரில் குறித்துவைக்கிறார்.