உர பில்லை ஊருக்கு அனுப்பும் முன்... மேல் பாதியை மடியுங்கள்!

குறுவை நடவு முடிந்து மேலுரம் போடும் நேரம் வந்துவிட்டால், டெல்டா கிராமங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பயிர் படங்களைவிட பில் படங்கள்தான் அதிகம் வரும். ‘யூரியாவுக்கு இவ்வளவு போட்டிருக்காங்க, சரியா பாருங்க’ என்று கேட்டுக் கடைப் பில்லை அப்படியே படம் எடுத்துப் போட்டுவிடுவார்கள். நமது கேள்வி-பதில் பகுதிக்கும் இப்படிப்பட்ட படங்கள் வருகின்றன.

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் தன் ஊர்க் குழுவில் அப்படித்தான் ஒரு முழு பில்லைப் போட்டார. அதில் அவர் பெயர், கைபேசி எண், வாங்கிய தேதி, கடை முத்திரை எல்லாமே தெளிவாக இருந்தன. மூன்றாம் நாள் ஓர் அழைப்பு. “ஐயா, செவ்வாய்க்கிழமை அஞ்சு மூட்டை யூரியா வாங்கியிருக்கீங்க இல்லையா? அதுக்கான மானியம் உங்க கணக்குக்கு வரணும். இப்ப ஒரு நம்பர் வரும், அதைச் சொல்லுங்க” என்றது அந்தக் குரல். மூட்டைக் கணக்கும் கிழமையும் சரியாக இருந்ததால் அவரும் நம்பிவிட்டார். ஓ.டி.பி. எண்ணைச் சொல்லப்போகும் நேரத்தில் மகன் போனைப் பிடுங்கியதால் பணம் தப்பியது.

உர மானியம் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் இந்த ஏமாற்று உடனே பிடிபடும். 2018-ல் நாடு முழுக்க நடைமுறைக்கு வந்த முறைப்படி, கடையில் உள்ள பி.ஓ.எஸ். கருவியில் ஆதார் மூலம் விற்பனையைப் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவை வைத்து மத்திய அரசு மானியத்தை உர நிறுவனத்துக்குத்தான் தருகிறது. பில்லில் மானியத் தொகை என்று ஒரு வரி இருந்தாலும், அது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் பணம் அல்ல. ஆகவே ‘உர மானியம் வந்திருக்கு’ என்று யார் பேசினாலும் அது பொய்.

ரொம்பவும் வெட்டினால்?

அடுத்த முறை அதே விவசாயி உஷாராகிவிட்டார். பில்லின் அடியில் உள்ள மொத்தத் தொகையை மட்டும் வெட்டி நமக்கு அனுப்பி, ‘4,482.50 ரூபாய் வாங்கிவிட்டார்கள், இது நியாயமா?’ என்று கேட்டிருந்தார். இந்தப் படத்தை வைத்து யாராலும் பதில் சொல்ல முடியாது. பொருள் வரிகளையும் சேர்த்து அனுப்பச் சொன்னோம். அது வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

யூரியா 45 கிலோ மூட்டை 5, ஒன்று 266.50 வீதம் 1,332.50 ரூபாய். டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 2, ஒன்று 1,350 வீதம் 2,700 ரூபாய். இரண்டுமே சரியான விலைதான். மூன்றாவது வரியில் திரவ நுண்ணூட்டம் ஒரு பாட்டில், 450 ரூபாய். அவர் அதைக் கேட்கவே இல்லை. ‘இதை எடுத்தால்தான் யூரியா’ என்று கடையில் தலையில் கட்டியிருக்கிறார்கள். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் யூரியா விலையைக் கூட்டிவிட்டதாகத் தோன்றும். உண்மையான குறை வேறு இடத்தில் இருந்தது.

அதனால் தொகைப் பகுதி என்றால் கடைசி வரி மட்டும் அல்ல. பொருளின் பெயர், மூட்டை எடை, எண்ணிக்கை, ஒன்றின் விலை, கூட்டுத்தொகை ஆகிய ஐந்தும் படத்தில் இருக்க வேண்டும். ஏற்றுக்கூலி தனியாகப் போட்டிருந்தால் அதுவும் வேண்டும். உங்கள் பெயர், ஊர், கைபேசி எண், ஆதார் எண்ணின் எந்தப் பகுதியும், கையெழுத்து, பில் எண் ஆகியவை வேண்டாம். தேதியைப் படத்தில் காட்டாமல், ‘இந்த மாதம் வாங்கியது’ என்று எழுதினாலே போதும்.

மடித்து எடுப்பதே முதல் வழி

கடையிலிருந்து வந்ததும் முழு பில்லை ஒரு படம் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். பி.ஓ.எஸ். கருவியில் வரும் தாள் வெப்பத்தில் அச்சாவது. சட்டைப் பையிலும் வெயிலிலும் கிடந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிவிடும். அந்தப் படம் உங்களுக்கு மட்டும்தான்.

பிறருக்கு அனுப்ப இன்னொரு படம் எடுங்கள். பெயர் இருக்கும் மேல் பகுதியைப் பின்பக்கமாக மடியுங்கள். அடியில் கையெழுத்தோ, பணம் கட்டிய விவரமோ இருந்தால் அதையும் மடியுங்கள். பொருள் வரிகள் மட்டும் தெரியும்படி வெறும் தரையில் வைத்து எடுங்கள். வங்கிப் பாஸ்புக், சிட்டா மேல் வைத்து எடுத்தால் அதன் ஓரமும் படத்தில் விழும். படத்தில் பெயரே இல்லையென்றால் அதை யாராலும் மீட்க முடியாது.

ஏற்கெனவே முழுப் படம்தான் இருக்கிறது என்றால் போனிலேயே வெட்டலாம். வாட்ஸ்அப்பில் படத்தைத் தேர்ந்தெடுத்ததும், அனுப்பும் முன் மேலே வெட்டும் குறி தெரியும். அதைத் தொட்டு, மூலைகளை உள்ளே இழுத்து, Done கொடுத்து அனுப்புங்கள். அனுப்பிய பிறகு அந்தப் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கி நான்கு ஓரங்களையும் பாருங்கள். பாதி எழுத்து தெரிந்தாலும் பெயரைப் படித்துவிடலாம்.

இங்கே மூன்று தவறுகள் நடக்கின்றன. போனின் கேலரியில் வெட்டிச் சேமித்தால் பழைய படமும் பக்கத்திலேயே இருக்கும். அவசரத்தில் அதைத் தொட்டு அனுப்பிவிடுவார்கள். இரண்டாவது, பெயர் மேல் விரலால் பேனாக் கோடு போடுவது. ஹைலைட்டர் போன்ற மெல்லிய கோடாக இருந்தால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டியதும் கீழே உள்ள எழுத்து தெரியும். மூன்றாவது, படத்தை வேர்டு கோப்பில் ஒட்டி அங்கே ஓரத்தை வெட்டுவது. அங்கே வெட்டியது பெரும்பாலும் மறைவதுதான்; வாங்கியவர் இழுத்தால் முழுப் படமும் திரும்ப வந்துவிடும்.

வெட்டும் செயலியே ஏமாற்றிய கதையும் உண்டு. கூகுளின் பிக்சல் போன்களில் வெட்டிய திரைப் படங்களில், வெட்டிப்போட்ட பகுதியின் தரவு கோப்பின் வாலில் அப்படியே தங்கியிருந்தது 2023 மார்ச்சில் வெளியே வந்தது. படத்தை உருமாற்றாமல் மூலக் கோப்பாகவே அனுப்பியிருந்தால், மறைத்த பகுதியின் ஒரு பங்கை மீட்க முடிந்தது. அந்தக் குறையைச் சரிசெய்துவிட்டார்கள். ஆனாலும் பில் படத்தை ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்பாமல், சாதாரணப் படமாகவே அனுப்புங்கள்.

வெட்டக்கூடாத இடம்

புகார் கொடுக்கும்போது இந்த யோசனை பொருந்தாது. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985-ன்படி விற்பனையாளர் பில் தர வேண்டும். அரசு விலைக்கு மேல் விற்கக் கூடாது. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் புகார் தரும்போது கடைப் பெயர், பில் எண், தேதி, உங்கள் பெயர் எல்லாம் உள்ள முழு பில் வேண்டும். அதை நேரில் கொண்டுபோய் நகல் கொடுங்கள். விலை பற்றிய சந்தேகம் மட்டும் என்றால், கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் தமிழிலேயே கேட்கலாம், படமே தேவையில்லை.

முழு பில்லை ஏற்கெனவே குழுவில் போட்டுவிட்டீர்களா? படத்தை அழுத்திப் பிடித்து ‘அனைவருக்கும் நீக்கு’ கொடுங்கள். இரண்டு நாள்களுக்கு மேல் போனால் அந்த வசதி இருக்காது. பிறர் போனில் தானாகச் சேமித்த படமும் அழியாமல் இருக்கலாம் என்பதால், வரும் அழைப்புகளில் கவனமாக இருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

கேள்வி-பதில் பகுதிக்கு பில் அனுப்புவோரும் இனி மடித்தே எடுத்து அனுப்புங்கள். பதில் சொல்ல எங்களுக்குப் பொருள் வரிகள் இருந்தால் போதும்.