கடைசித் தேதியிலிருந்து பின்னோக்கி

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூ 28-ஆம் தேதி, டீமில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தை 28-லிருந்து பின்னோக்கி எழுதணும். 26-இல் நேரம் பார்த்து முழு ஒத்திகை. 23-இல் எல்லார் ஸ்லைடும் ஒரே ஃபைலில். 18-இல் அவரவர் முதல் வரைவு. 14-இல் யாருக்கு எந்தப் பகுதி என்ற ஒரு பக்கக் குறிப்பு.

ஒவ்வொரு தேதிக்கும் பொறுப்பாக ஒரு பெயர் வேண்டும். 'பாதி முடிச்சுட்டேன்' செல்லாது. ஃபைல் இருக்கா, இல்லையா, அவ்வளவுதான்.

பெரும்பாலும் இடிப்பது 23-தான். ஒன்றாக ஒட்டும்போதுதான் இரண்டு பேர் ஒரே அறிமுகத்தை எழுதியிருப்பது தெரியும். அதைச் சரிசெய்யத்தான் நடுவில் மூன்று நாள்.

கடைசி வரி: தேதி தவறும் என்றால் முந்தின நாளே சொல்லணும்; அந்தப் பகுதியை யார் எடுப்பார் என்பதையும் இப்போதே எழுதிடுங்க. சண்டை வந்தபிறகு எழுத முடியாது.