வாங்கிய ஆலையில் தன் பானத்தை நிரப்ப முடியவில்லை

1995 ஜனவரியில் குஜராத் பாட்லிங் கம்பெனியின் பங்குகள் பெப்சி தரப்பின் கைக்குப் போயின. அகமதாபாத்திலும் ராஜ்கோட்டிலும் ஆலைகள் வைத்து, கோகோ கோலாவுக்காகக் குளிர்பானம் நிரப்பிவந்த கம்பெனி அது. ஆலை கைக்கு வந்தும், அதில் பெப்சி பானங்களை நிரப்ப முடியவில்லை. காரணம், 1993-ல் அந்தக் கம்பெனி கோகோ கோலாவோடு போட்டிருந்த ஓர் ஒப்பந்தம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

ஒரு கம்பெனியை வாங்குமுன் அதன் ஒப்பந்தங்களை எல்லாம் வக்கீல்கள் உட்கார்ந்து படிப்பார்கள். இதை டியூ டிலிஜென்ஸ் என்கிறார்கள். நூற்றுக்கணக்கில் ஒப்பந்தங்கள் இருக்கும். வாடகை, கடன், சப்ளை, ஏஜென்சி, சாஃப்ட்வேர் லைசென்ஸ் என்று எல்லாவற்றையும் ஓர் எக்செல் தாளில் வரிசைப்படுத்தி, மூன்று ஷரத்துகளைக் குறிப்பாகத் தேடுவார்கள். கம்பெனி கைமாறினால் என்ன ஆகும்? ஒப்பந்தத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்றலாமா? வேறு யாரோடும் வியாபாரம் செய்யக் கூடாது என்று கட்டிப்போட்டிருக்கிறதா?

முதலிரண்டும் ஒன்றுபோலத் தோன்றும்; ஆனால் வேறு வேறு. பங்குகளை மட்டும் வாங்கினால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பெனி அப்படியே இருக்கிறது, முதலாளிதான் மாறுகிறார். ஆகவே பெயர் மாற்றத் தடை மட்டும் இருந்தால் பொதுவாகச் சிக்கல் இல்லை. கம்பெனியை விட்டுவிட்டு அதன் ஆலையையும் வியாபாரத்தையும் மட்டும் வாங்கினால், ஒவ்வோர் ஒப்பந்தத்தையும் வாங்குபவர் பெயருக்கு மாற்றியாக வேண்டும். அப்போது அதே தடை பெரிய தலைவலி. ஆகவே என்ன வகை விற்பனை என்று தெரியாமல் பட்டியல் போடுவது வீண் வேலை. இதிலும் ஒரு பொறி உண்டு. 'நிர்வாகக் கட்டுப்பாடு கைமாறுவதும் பெயர் மாற்றமாகவே கருதப்படும்' என்று கடைசிப் பக்கங்களில் ஒரு வரி ஒளிந்திருக்கும். தலைப்பை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டு போகிறவர் இதைத் தவறவிடுவார். பட்டியலில் சுருக்கம் எழுதாமல், ஷரத்தின் வாசகத்தைப் பக்க எண்ணோடு அப்படியே எடுத்தெழுதச் சொல்வது இதனால்தான்.

குஜராத் ஒப்பந்தத்துக்கு அப்படியொரு பட்டியல் போட்டிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கோகோ கோலாவின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் கம்பெனியின் கட்டுப்பாடு கைமாறினால், கோகோ கோலா உடனே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். பெப்சிக்கு இதில் பயமென்ன, முறிந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் 'முறிக்கலாம்' என்பது கோகோ கோலாவின் விருப்பம். அது முறிக்காமல் இருந்துவிட்டது. ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்வரை, முறிவு நோட்டீஸ் காலமான ஓராண்டு உட்பட, வேறு பிராண்ட் பானங்களைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்ற இன்னொரு ஷரத்து கம்பெனியைக் கட்டியிருந்தது. முதல் ஷரத்தை மட்டும் படித்தவருக்குக் கதவு திறந்திருப்பதாகத் தோன்றும். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் பூட்டு தெரியும்.

கம்பெனி வேறொரு வாதமும் வைத்தது. 1994-ல் வர்த்தகச் சின்னப் பதிவுக்காகச் சில ஒப்பந்தங்கள் கையெழுத்தாகியிருந்தன. அவற்றில் நோட்டீஸ் காலம் 90 நாள்தான். பின்னால் வந்தது முன்னால் வந்ததை மாற்றிவிட்டது என்றது கம்பெனி. நீதிமன்றம் ஏற்கவில்லை, 1993 ஒப்பந்தம் நிற்கிறது, நோட்டீஸ் ஓராண்டு என்றது. வியாபாரத்துக்குத் தடை போடும் ஒப்பந்தம் செல்லாது என்று சொல்லும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 27-வது பிரிவும் கைகொடுக்கவில்லை. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும் காலத்துக்கு மட்டுமான தடை, இப்படிப்பட்ட ஏற்பாட்டில், வியாபாரத் தடை ஆகாது என்று 1995 ஆகஸ்ட் 4-ல் தீர்ப்பு வந்தது. தடையுத்தரவு நிலைத்தது.

ஒப்பந்தம் முடிந்த பிறகும் நீளும் தடைகளை இதே 27-வது பிரிவு பெரும்பாலும் சாய்த்துவிடும். ஆகவே பிரத்தியேக ஷரத்தைக் குறிக்கும்போது அது எந்தத் தேதி வரை, எந்தப் பொருளுக்கு, எந்த ஊருக்கு என்பதையும் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், யாரைக் கட்டுகிறது என்பது. 'கம்பெனியும் அதன் குழும நிறுவனங்களும்' என்று இருந்தால், வாங்குபவரின் பழைய வியாபாரமே மறுநாள் அதற்குள் சிக்கலாம். என் கணக்கில் மூன்று ஷரத்துகளில் ஆபத்தானது இதுதான். மற்ற இரண்டில் கெட்டால் ஓர் ஒப்பந்தம் போகும், அவ்வளவுதான்.

பட்டியல் முடிந்ததும் எதிர்த்தரப்பின் சம்மதக் கடிதம் எந்த ஒப்பந்தங்களுக்கு வேண்டும் என்று பிரிப்பார்கள். முக்கியமானவற்றுக்குக் கடிதம் கையில் வராமல் பணம் கைமாறாது என்று விற்பனைப் பத்திரத்திலேயே எழுதிவிடுவது வழக்கம். உங்கள் கம்பெனியை யாராவது விலைக்குக் கேட்டு வந்தால், பழைய ஒப்பந்தக் கோப்பைத் திருத்தங்கள், இணைப்புக் கடிதங்களோடு முதலில் நீங்களே எடுத்துப் படித்துவிடுங்கள்.