படத்தில் தெரியும் செம்பட்டை

தலைக்கு மருதாணி போட்டு அலசிய மறுநாளே செல்போனில் படம் எடுத்துப் பார்த்து, "ஐயோ, ஒரே செம்பட்டையா இருக்கே" என்று கலங்கிப்போகிறவர்கள் நிறைய. அந்தப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. மருதாணி இலையில் இருக்கும் லாசோன் என்ற நிறமி முடியின் புரதத்தில் பிடித்துக்கொண்ட பிறகும், காற்றுப் பட்டுப் பட்டு இரண்டு மூன்று நாள் வரை நிறம் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். முதல் நாள் பளீரென்று ஆரஞ்சாக நின்ற நரை, மூன்றாம் நாள் செம்பு நிறமாகிவிடும். பார்த்துச் சரிசெய்வதற்கான படத்தை அன்றைக்கு எடுப்பதுதான் சரி.

மருதாணி முடியின் கருமையை எடுக்காது. உள்ளே இருக்கும் நிறத்தின் மேல் ஒரு சிவப்புச் சாயத்தை ஏற்றும், அவ்வளவுதான். அதனால் கருமுடியில் அது வெயில் பட்டால் மட்டும் தெரியும். நரைமுடியில் முழுசாகத் தெரியும். நரையும் கருப்பும் கலந்த தலையில் இழை இழையாகச் செம்பு ஓடுவது திட்டு அல்ல, அந்தத் தலையின் இயல்பு. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் பலரும் சரியாகப் பிடித்த தலைக்கே மறுபடி மறுபடி பூசுகிறார்கள்.

படம் எடுக்கும் விதம் முக்கியம். குண்டு பல்பின் மஞ்சள் வெளிச்சம் எந்தத் தலையையும் செம்பட்டையாக்கும். நேர்வெயில் கருமுடிக்குள்ளும் சிவப்பைக் கிளப்பிவிடும். பிளாஷ் போட்டால் வகிட்டில் வெள்ளையாக மின்னுவது நரையா, தோலின் பளபளப்பா என்றே சொல்ல முடியாது. காலை பத்து மணிவாக்கில், வெயில் நேராக விழாத ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்காருங்கள். முடி காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய் கூடாது. ஈரமும் எண்ணெயும் நிறத்தைக் கறுப்பாக்கிக் காட்டி, திட்டை மறைத்துவிடும். தோளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். படத்தில் துண்டு மஞ்சளாக விழுந்திருந்தால் முடியின் மஞ்சளையும் நம்ப வேண்டாம். சிவப்புச் சேலையின் நிறம் கழுத்தோர முடியில் எதிரொளிப்பதையும் அந்தத் துண்டே தடுத்துவிடும். முகத்தை அழகாக்கும் வசதியை நிறுத்திவிட்டு, வேறொருவரை ஒரு முழ தூரத்தில் நின்று எடுக்கச் சொல்லுங்கள். நடு வகிடு, இரண்டு காதோரம், உச்சி, பிடரி ஆகிய ஐந்து இடமும் வேண்டும்.

என் சித்திக்கு வயது 56. முன்பக்கம் பாதிக்கு மேல் நரை, பின்பக்கம் பெரும்பாலும் கருப்பு. வருஷக்கணக்காக மாதம் ஒருமுறை வேரிலிருந்து நுனிவரை மருதாணி பூசுகிறார். மூன்றாம் நாள் எடுத்த அவருடைய படங்களில் மூன்று தனித்தனிச் சங்கதிகள் இருந்தன.

நடு வகிட்டில், தோலை ஒட்டி அரை சென்டிமீட்டருக்கு வெள்ளைக் கோடு. "அதுக்குள்ள வளந்துடுச்சா?" என்று கேட்டார். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். மூன்று நாளில் ஒரு மில்லிமீட்டர் வந்தாலே பெரிது. ஆக, விழுது அடிவரை போகவில்லை. இடது காதோரம் வேறு மாதிரி: வைக்கோல் நிறத்தில் ஒரு திட்டு, ஓரம் கத்தியால் வெட்டினாற்போல. இப்படி ஓரம் கூர்மையாக இருந்தால் அது பூச்சில் வந்த குறை. அங்கே விழுது மெல்லிதாக இருந்திருக்கும், அல்லது காய்ந்து உதிர்ந்திருக்கும். காய்ந்த மருதாணி சாயம் இறக்காது. ஓரமே தெரியாமல் படிப்படியாக வெளிறியிருந்தால், அந்த இடத்து நரை முரடு, இன்னும் கூடுதல் நேரம் கேட்கிறது என்று கொள்ளலாம்.

மூன்றாவதுதான் சித்தியை உறுத்தியது. நான்கு விரற்கடை வரை ஆரஞ்சு, அதற்குக் கீழே நுனிவரை கருஞ்சிவப்பு. அந்தப் படத்தைப் போனிலேயே கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தோம். நிறம் போய்விட்டால் வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் மிஞ்சும். வேர்ப்பகுதி வெளிர்சாம்பலாகவும் கீழ்ப்பகுதி கரியாகவும் தெரிந்தன. அதாவது, இரண்டுக்கும் ஆழமே வேறு. காரணம் வெளிப்படை: கீழே இருக்கும் முடி எத்தனையோ முறை மருதாணி குடித்தது, வேர்ப்பகுதி சில முறைதான். ஒவ்வொரு மாதமும் முழுத்தலைக்கும் பூசப் பூச இந்த இடைவெளி குறையவே குறையாது. வேர் ஒரு படி ஏறும்போது நுனியும் ஒரு படி ஏறிவிடுகிறதே.

அதனால் சரிசெய்யும் வேலை வேரில் மட்டும். வகிட்டுக்கும் காதோரத்துக்கும் 30 கிராம் பொடி போதும். வெதுவெதுப்பான டீ டிகாஷனில் கெட்டித் தயிர் பதத்துக்குக் குழைத்து மூடி வையுங்கள். நம் ஊர் வெக்கைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரத்தில் தயாராகும். உள்ளங்கையில் ஒரு பொட்டு வைத்து ஐந்து நிமிஷத்தில் துடைத்தால் ஆரஞ்சுக் கறை தங்க வேண்டும். முட்டையும் தயிரும் சேர்ப்பதை நான் ஒத்துக்கொள்வதில்லை. முடியில் பிடிக்க வேண்டிய சாயத்தை அவற்றின் புரதம் பிடித்துக்கொள்ளும். முதலில் எண்ணெய் போக அலசி உலர்த்துங்கள். அரை அங்குலத்துக்கு ஒரு வகிடாகப் பிரித்து, தோலைத் தொட்டு, தாராளமாக அப்புங்கள். மேலே பிளாஸ்டிக் உறை மாட்டி மூன்று மணி நேரம் ஈரம் போகாமல் வைத்திருங்கள். நுனிக்கு இழுத்துவிடாதீர்கள்.

ஆரஞ்சைத் தணிப்பதற்கு அவுரி. வெளுத்த முடியின் மஞ்சளைக் குறைக்க விற்கும் ஊதா ஷாம்பு இங்கே உதவாது. இங்கே ஆரஞ்சே போட்ட சாயம்தான். அவுரிப் பொடியை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில், ஒரு சிட்டிகை உப்புடன் குழைத்து, 15 நிமிஷத்தில் பூசிவிட வேண்டும். எலுமிச்சை கூடாது, புளிப்பு அதன் பிடிப்பைக் கெடுக்கும். எவ்வளவு நேரம் வைப்பது என்பதைத் தலையில் சோதிக்காதீர்கள். மருதாணி போட்டபின் சீப்பில் வந்த முடியைச் சேர்த்து, செம்பேறிய நரை இருக்கும்படி மூன்று கற்றையாகக் கட்டி, 15, 30, 60 நிமிஷம் என்று அவுரியில் வைத்து அலசி இரண்டு நாள் விடுங்கள். அலசியவுடன் பச்சை தட்டினால் பயப்பட வேண்டாம், காற்றில் அது கறுத்துவிடும். சித்தியின் நுனிநிறத்தோடு பொருந்தியது 30 நிமிஷக் கற்றை. அந்தக் கணக்கில் ஆரஞ்சுப் பட்டைக்கு மட்டும் பூசி, இரண்டு நாள் ஷாம்பு போடாமல் விட்டார். மறுபடி எடுத்த கருப்பு வெள்ளைப் படத்தில் பட்டையின் எல்லையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. காதோரத்தில் அவுரி சீக்கிரம் வெளுக்கும். அங்கே மட்டும் இடையில் ஒருமுறை தொட்டுக்கொள்கிறார்.

இதில் முடியாத காரியம் ஒன்று உண்டு. கறுத்துப்போன நுனியை வேரின் நிறத்துக்கு வெளுக்கவைக்க வழியில்லை. ப்ளீச் போட்டால் அவுரி ஏறிய முடி பச்சையாகலாம். பொடியில் உலோக உப்பு கலந்திருந்தால் முடியே பொசுங்கலாம். ஒரே பொடி, அரை மணியில் கருகரு என்று வருவது வெறும் மருதாணி அல்ல. படத்தில் இழைக்கு இழை வேறுபாடில்லாமல் மை பூசியதுபோல் ஒரே கருப்பாகத் தெரிந்தால், பாக்கெட்டைத் திருப்பிப் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறதா என்று பாருங்கள். தலையில் அரிப்போ இமையில் வீக்கமோ வந்திருந்தால் அந்தப் பொடியை மறுபடி தொடாமல், தோல் மருத்துவரிடம் பாக்கெட்டோடு போங்கள்.