தேடிப் பிடி – 12: இரண்டு 3:16

போன வாரம் நூலக அலமாரியில் எண்ணை வைத்துப் புத்தகத்தைப் பிடித்தோம். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம். இந்த வாரம் ஒரே புத்தகத்துக்குள் தேடல்.

கல்யாணப் பத்திரிகையின் மேல் ‘1 யோவான் 3:16’ என்று அச்சிட்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் பைபிளை நீங்கள் திறந்ததே இல்லை. பக்க எண்ணும் தரவில்லை. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும் என்பதால் யாருமே தருவதில்லை.

முதலில் முன்பக்க அட்டவணைக்குப் போங்கள். பைபிள் என்பது ஒரே அட்டைக்குள் பல புத்தகங்கள். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு என்று இரண்டு பட்டியலாக இருக்கும். யோவான் புதியதில் வருகிறார். சில பதிப்புகளில் புதிய ஏற்பாட்டுக்குப் பக்க எண் மறுபடி 1-இலிருந்து தொடங்கும், கவனம்.

பெயருக்கு முன்னால் நிற்கும் 1, புத்தகப் பெயரோடு சேர்ந்தது. வெறும் ‘யோவான்’ என்றால் நான்காவது சுவிசேஷம். ‘1 யோவான்’ என்றால் கடிதம். அது புதிய ஏற்பாட்டின் கடைசிப் பகுதியில், 2 பேதுருவை அடுத்து இருக்கிறது. அங்கே போய், பக்கத்தின் மேல் ஓரத்தில் புத்தகப் பெயரைச் சரிபாருங்கள். பிறகு பெரிய எழுத்தில் இருக்கும் 3, அதிகாரம். அதற்குள் சிறிய எழுத்தில் 16, வசனம். அவ்வளவுதான்.

ஆனால் சுவிசேஷத்திலும் ஒரு 3:16 உண்டு. அதுவும் அன்பைப் பற்றியதுதான்! அங்கே கடவுள் தம் மகனைத் தருகிறார்; கடிதமோ, நமக்காக அந்த மகன் உயிர் கொடுத்ததுபோல நாமும் சகோதரருக்காகக் கொடுக்க வேண்டும் என்கிறது. அந்த 1-ஐ விட்டுவிட்டுத் தவறான இடத்துக்குப் போனாலும் சந்தேகமே வராது.

இந்த எண்களைப் போட்டது யார் என்று தேடப்போய்த்தான் என் வாரம் முழுக்கக் கரைந்தது. அதிகாரங்கள் 13-ஆம் நூற்றாண்டில், பாரிஸில் பாடம் சொன்ன ஸ்டீபன் லாங்டன் பிரித்தவை என்பார்கள். புதிய ஏற்பாட்டின் வசன எண்கள் ரொபேர் எத்தியேன் என்ற அச்சகக்காரர் 1551-இல் ஜெனீவாவில் வெளியிட்ட கிரேக்கப் பதிப்பில் வந்தவை. பாரிஸிலிருந்து லியோனுக்குப் போகும் வழியில் அப்பா இதில் பெரும்பகுதியைச் செய்தார் என்று மகன் எழுதிவைத்திருக்கிறார். வாக்கியத்தின் நடுவே சில எண்கள் வெட்டி விழுவதற்குக் குதிரையின் குலுக்கல்தான் காரணம் என்று அப்போதிலிருந்து ஒரு கேலி.

அந்த எண்கள் இன்றுவரை பெரும்பாலும் மாறவில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 8:37 பழைய கையெழுத்துப் பிரதிகள் பலவற்றில் இல்லை. அதனால் சில புதிய மொழிபெயர்ப்புகள் அதை அடிக்குறிப்புக்குத் தள்ளிவிட்டு, 36-க்குப் பின் நேரே 38 என்று போகின்றன. 37-ஐத் தேடிக் காணாவிட்டால் பக்கத்தின் அடியைப் பாருங்கள்.

3:16-18, 3:16,18 என்று கோடும் காற்புள்ளியும் வரும்போது என்ன செய்வது என்பதை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். எத்தியேன் இடத்தைப் பிடித்துக்கொண்டார். அடுத்த வாரம் பார்ப்போம். அதற்குள் ‘பிலேமோன் 6’ என்பதைத் தேடிப் பாருங்கள். அந்த 6 அதிகாரமா வசனமா என்பது புத்தகத்தைத் திறந்த மறுகணமே தெரியும்.