சராசரி 28.75, அங்கே இருப்பது நால்வர்

ஒன்பதாம் வகுப்பு ஒன்றை நினைத்துக்கொள்வோம். மொத்தம் 24 பிள்ளைகள். 50 மதிப்பெண்ணுக்குக் கணக்குத் தேர்வு முடிந்து, திருத்திய தாள்கள் மேசையில் கிடக்கின்றன. தாள் வந்த வரிசையிலேயே மதிப்பெண்களை எழுதினால் இப்படி இருக்கிறது:

33, 12, 36, 42, 29, 4, 35, 38, 22, 31, 47, 36, 16, 8, 33, 40, 27, 34, 3, 43, 25, 36, 19, 32

இந்த வரிசையை எவ்வளவு நேரம் பார்த்தாலும் வகுப்பின் முகம் தெரியாது. அதனால்தான் பத்துப் பத்தாகப் பிரித்து நிகழ்வெண் பட்டியல் போடுகிறோம். பட்டியலில் வரும் ஒவ்வொரு கூறையும் ‘வகுப்பு’ என்றும் சிலர் சொல்வார்கள். பிள்ளைகள் உட்காரும் வகுப்போடு அது குழம்பும் என்பதால் இங்கே ‘பிரிவு’ என்றே சொல்கிறேன்.

பென்சிலை எடுத்து, ஒவ்வொரு மதிப்பெண்ணையும் வரிசையாகத் தொட்டு, அதற்குரிய பிரிவில் ஒரு கோடு போட வேண்டும். நான்கு கோடு நின்றதும் ஐந்தாவதைக் குறுக்கே போட்டுக் கட்டிவிடலாம். ‘இருபதில் எத்தனை, முப்பதில் எத்தனை’ என்று ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத் தேடினால் ஏதாவது ஒன்று விடுபடும், அல்லது இருமுறை எண்ணப்படும். ஒரே ஓட்டமாகக் கோடு போட்டுவிட்டு, கடைசியில் கூட்டினால் 24 வருகிறதா என்று பார்ப்பதே பாதுகாப்பு.

இன்னொரு இடத்திலும் கை தடுமாறும். 40 வாங்கியவர் 30–40இல் சேர்வாரா, 40–50இல் சேர்வாரா? இப்படி எழுதும் பட்டியலில் மேல் எல்லை அந்தப் பிரிவுக்குச் சொந்தமில்லை என்பது வழக்கம். ஆகவே 40 அடுத்த பிரிவுக்குப் போகிறது. யாராவது முழு 50 வாங்கியிருந்தால் அவருக்கு இந்தப் பட்டியலில் இடமே இருந்திருக்காது, 50–60 என்று இன்னொரு பிரிவு திறந்திருக்க வேண்டும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

| மதிப்பெண் | மைய மதிப்பு | நிகழ்வெண் | குவிவு நிகழ்வெண் |
|---|---|---|---|
| 0–10 | 5 | 3 | 3 |
| 10–20 | 15 | 3 | 6 |
| 20–30 | 25 | 4 | 10 |
| 30–40 | 35 | 10 | 20 |
| 40–50 | 45 | 4 | 24 |

கடைசி நிரலான குவிவு நிகழ்வெண் என்பது மேலிருந்து கூட்டிக்கொண்டே வருவது. முப்பதுக்குக் கீழே எத்தனை பேர் என்றால் 10, நாற்பதுக்குக் கீழே என்றால் 20.

முதலில் கூட்டுச் சராசரி. ஒரு பிரிவில் இருக்கும் எல்லோரும் அதன் நடு மதிப்பெண்ணை வாங்கியதாக வைத்துக்கொள்கிறோம். அப்படியானால் 3 பேருக்கு ஐந்து ஐந்தாக 15, அடுத்த மூவருக்கு 45, நால்வருக்கு 100, பத்துப் பேருக்கு 350, கடைசி நால்வருக்கு 180. மொத்தம் 690. 24ஆல் வகுத்தால் 28.75.

கையால் போடுபவர்களுக்கு இதைவிட எளிதான வழி ஊகச் சராசரி. நடுவில் இருக்கும் 25ஐச் சராசரி என்று ஊகித்துக்கொண்டு, ஒவ்வொரு மைய மதிப்பும் அதிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மட்டும் பார்க்கிறோம். கீழ்ப்பக்கம் −60, −30. மேல்பக்கம் +100, +80. நிகர விலகல் 90. அதை 24ஆல் வகுக்க 3.75. 25உடன் சேர்த்தால் அதே 28.75. பெரிய பெருக்கல் இல்லாததால் பிழைக்கும் இடம் குறைவு. சராசரி என்பது உண்மையில் என்ன என்பதையும் இந்த வழிதான் கண்ணில் காட்டுகிறது. அது ஒரு தராசு முள். நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறாரோ, ஒவ்வொரு பிள்ளையும் அந்த அளவுக்கு முள்ளைத் தன் பக்கம் இழுக்கிறார்.

அடுத்தது இடைநிலை அளவு. இதற்குத் தூரம் பொருட்டில்லை, வரிசைதான் முக்கியம். 24இல் பாதி 12. குவிவு நிரலில் மேலிருந்து இறங்கினால் 3, 6, 10 வரை 12 எட்டவில்லை. 20இல் எட்டிவிடுகிறது. ஆக, இடைநிலை 30–40 பிரிவுக்குள் இருக்கிறது. அந்தப் பிரிவுக்குள் நுழையும்போதே 10 பேரைக் கடந்துவிட்டோம், இன்னும் 2 பேர் தேவை. பிரிவில் இருக்கும் 10 பேரும் பத்து மதிப்பெண்ணில் சமமாகப் பரவி நிற்பதாகக் கொண்டால், இரண்டு பேருக்கு இரண்டு மதிப்பெண் நடக்க வேண்டும். 30உடன் 2, இடைநிலை 32.

பிள்ளைகள் பெரும்பாலும் தவறுவது இந்த ‘இன்னும் 2 பேர்’ என்ற இடத்தில்தான். 12இலிருந்து கழிக்க வேண்டியது முந்தைய பிரிவு வரை சேர்ந்த 10ஐ. அதே பிரிவின் குவிவான 20ஐக் கழித்துவிட்டால் −8 வரும், விடை 22 ஆகும். விடை அந்தப் பிரிவுக்கு வெளியே போய்விட்டதைப் பார்த்தவுடனே தவற்றைப் பிடித்துவிடலாம். பிரிவுகளை 21–30, 31–40 என்று எழுதும் பட்டியலானால் இன்னொரு கவனம் வேண்டும்: அங்கே கீழ் எல்லை 31 அல்ல, 30.5.

மூன்றாவது முகடு. அதிகம் பேர் இருக்கும் பிரிவு 30–40, பத்துப் பேர். அதற்குள் உச்சி எங்கே என்று அறிய இரு பக்கத்து வீடுகளையும் பார்க்கிறோம். கீழே 4 பேர், மேலேயும் 4 பேர். பத்திலிருந்து இரு பக்கமும் ஆறு ஆறாகவே இறங்குகிறது. ஆகவே உச்சி சரியாக நடுவில், 35. ஒரு பக்கத்து வீட்டில் கூட்டம் அதிகமாக இருந்தால் உச்சி அந்தப் பக்கம் சாயும். பாடநூல் சூத்திரம் செய்வது இவ்வளவுதான்.

முகட்டுக்கு எதற்கு இவ்வளவு சுற்று, மூலப் பட்டியலில் அதிகம் முறை வந்த எண்ணை எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். அதில் 36 மூன்று முறை வருகிறது, ஆகவே முகடு 36. ஆனால் 36 வாங்கிய ஒருவரின் தாளில் கூட்டல் பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் மதிப்பெண் 33 ஆகிறது. இப்போது 33 மூன்று முறை வருகிறது, 36 இரண்டு முறைதான். ஒரே ஒரு தாளால் வகுப்பின் முகடு மூன்று மதிப்பெண் இறங்கிவிட்டது. பிரிவுப் பட்டியலிலோ எதுவும் மாறவில்லை, ஏனென்றால் 33உம் 36உம் ஒரே பிரிவு. சின்ன வகுப்பில் முகட்டைப் பட்டியலிலிருந்து எடுப்பதற்குக் காரணம் இது.

பட்டியல் வழியே வந்தவை எல்லாம் மதிப்பீடுகள். மூல மதிப்பெண்களை நேராகக் கூட்டினால் 681, சராசரி 28.375. வரிசைப்படுத்தினால் 12ஆவது 32, 13ஆவது 33, இடைநிலை 32.5. பட்டியல் சொன்னதற்கும் இதற்கும் அரை மதிப்பெண்ணுக்கு மேல் வித்தியாசம் இல்லை.

இனி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்போம்: 28.75, 32, 35. சராசரியை மட்டும் சொல்லியிருந்தால் ‘இந்த வகுப்புப் பிள்ளைகள் இருபத்தெட்டு, இருபத்தொன்பது வாங்குகிறவர்கள்’ என்று கேட்பவர் நினைத்திருப்பார். ஆனால் அந்த எண் விழும் 20–30 பிரிவில் இருப்பது நால்வர்தான். கூட்டம் நிற்பது 35ஐச் சுற்றி. பாதி வகுப்பு 32க்கு மேலே. பிறகு சராசரியைக் கீழே இழுத்தது யார்? பத்துக்குள் நிற்கும் அந்த மூவர். ஊகச் சராசரியில் −60 வந்ததே, அது அவர்களுடையது. சராசரி கீழே, இடைநிலை நடுவே, முகடு மேலே என்று மூன்றும் படிக்கட்டாக நின்றால், கீழ்ப்பக்கம் வால் நீண்டிருக்கிறது என்று படிக்க வேண்டும். வால் மேல்பக்கம் நீண்டால் பெரும்பாலும் படிக்கட்டு தலைகீழாகும்.

அந்த மூவருக்கும் தனியாகச் சொல்லிக்கொடுத்து, மறுதேர்வில் மூவரும் 20–30 பிரிவுக்கு வந்துவிட்டார்கள் என்போம். மற்றவர்கள் யாரும் அசையவில்லை. மொத்தம் 750 ஆகும், சராசரி 31.25க்கு ஏறும். இடைநிலை அதே 32, ஏனென்றால் முப்பதுக்குக் கீழே இப்போதும் பத்துப் பேர்தான். மூன்று பிள்ளைகள் இருபது இருபது மதிப்பெண் ஏறியது இடைநிலையின் கண்ணில் படவே இல்லை! இடைநிலையை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பள்ளியின் முன்னேற்றத்தை அளப்பவர்கள் இந்த இடத்தைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

முகட்டுக்கு நடந்தது இன்னும் விசித்திரம். கீழ் வீட்டில் நான்குக்குப் பதில் ஏழு பேர் வந்ததால் உச்சி அந்தப் பக்கம் சாய்கிறது. கீழே மூன்று இறக்கம், மேலே ஆறு இறக்கம். ஒன்பதில் மூன்று பங்கு, அதாவது 30உடன் 3.33. முகடு 35இலிருந்து 33.33க்குக் குறைந்துவிட்டது. யார் மதிப்பெண்ணும் குறையவில்லை, 30–40 பிரிவில் ஒருவரும் நகரவில்லை. ‘முகடு குறைந்தது’ என்று இதைத் தனியாக வாசித்தால் வகுப்பு சரிந்ததாகத்தான் தோன்றும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் 31.25, 32, 33.33. ஆறேகால் மதிப்பெண் அகன்றிருந்த படிக்கட்டு இரண்டு மதிப்பெண்ணுக்குச் சுருங்கியிருக்கிறது. வால் குட்டையானதன் அடையாளம் அது.

இடைநிலையின் மூன்று மடங்கிலிருந்து சராசரியின் இரு மடங்கைக் கழித்தால் முகடு வரும் என்றொரு வாய்பாடு உண்டு. முதல் பட்டியலில் போட்டால் 96 கழித்தல் 57.5, அதாவது 38.5. நாம் கண்டது 35. சற்றே சாய்ந்த, ஒற்றை உச்சி உள்ள பரவலுக்குத்தான் அது தோராயமாகப் பொருந்தும். இருபத்து நான்கு பேருக்கு அதை நம்பி முகட்டை எழுதிவிடக் கூடாது.

மூன்றும் நெருங்கி வந்தால் எல்லாம் சரி என்றும் முடிவு கட்டிவிட முடியாது. அடுத்த அறையிலும் 24 பேர், அதே தேர்வு. நிகழ்வெண்கள் மேலிருந்து 2, 8, 4, 8, 2. சராசரி போட்டால் 600 வகுத்தல் 24, சரியாக 25. இடைநிலைக்கு 20உடன் நான்கில் இரண்டு பங்கு, ஐந்து மதிப்பெண். அதுவும் 25. இரண்டும் கையோடு கை கோத்து நிற்கின்றன. முகடு எது என்று நிகழ்வெண் நிரலில் விரலை வைத்து இறங்கும்போதுதான் விரல் இரண்டு இடத்தில் நிற்கிறது: 10–20இல் எட்டுப் பேர், 30–40இல் எட்டுப் பேர். இடையில் அந்த 25 விழும் பிரிவில் நால்வர் மட்டும்.