ஒரே மினுக்கு, இரண்டு எவர்சில்வர்

மீஞ்சூர் வீட்டுக்கு நாங்கள் அனுப்பிய கணினி மாதிரிப் படத்தில் பால்கனிக் கைப்பிடி வெள்ளியாய் மின்னுகிறது. அதன் உயரத்தையும் கம்பி இடைவெளியையும் நம்புங்கள். அது எந்த எவர்சில்வர் என்பதைப் படம் சொல்லாது. ஒளி எப்படித் திரும்புகிறது என்பதை மட்டுமே கணினி கணக்கிடுகிறது. 304, 316 என்ற இரு எவர்சில்வர் வகைகளும் ஒரே மாதிரிதான் மின்னும். ஆனால் 316-இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு. காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கடற்காற்றின் உப்பு படிந்தால் 304-இல் தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை எழும்; 316 வெகுவாகத் தாங்கும். இன்னும் துல்லியமான படம் போட்டால் தெரியாதா? தெரியாது, உப்பு அந்தக் கணக்கிலேயே இல்லை. காந்தமும் பிரித்துக் காட்டாது. பட்டறையில் மாலிப்டினம் சோதனைத் திரவத்தை ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆலைச் சான்றிதழையும் கேட்டு வாங்குங்கள்.